எண்ணிக்கை சரி, வடிவம் தப்பு: மூலக்கூறு வடிவக் கேள்விகளில் எங்கே பிசகுகிறது?

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். லத்தேரி, அணைக்கட்டு, குடியாத்தம் என்று பல பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். வேதிப்பிணைப்புப் பாடம் முடிந்து தேர்வு வைத்தால், ஒவ்வொரு வருடமும் சிவப்பு மை விழும் இடங்கள் மட்டும் மாறுவதில்லை. தப்பு செய்த பிள்ளையிடம் பாடத்தை முதலிலிருந்து நடத்தினால் அரை மணி நேரம் போகுமே தவிர, தப்பு அப்படியே இருக்கும். விடைத்தாளில் என்ன தெரிகிறது என்று பார்த்து அங்கிருந்து பின்னால் போனால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். நான் பார்க்கும் வரிசை இதுதான்.

கையில் ஒரு களிமண் உருண்டையும் ஐந்தாறு குச்சிகளும் இருக்கட்டும். குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு பையன், மருந்து தோய்க்காத தீக்குச்சிகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். அதைத்தான் இன்னும் பயன்படுத்துகிறேன். ஈர்க்குச்சியும் போதும்.

வகுப்பில் எல்லோரும் பாண்ட் பேர், லோன் பேர் என்றுதான் சொல்கிறோம். இங்கே பிணைப்பு இரட்டை, தனித்த இரட்டை என்று எழுதுகிறேன். கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

```
மொத்த இரட்டை = (V + M − C + A) / 2
தனித்த இரட்டை = மொத்த இரட்டை − சுற்றியுள்ள அணுக்களின் எண்ணிக்கை
```

V என்பது மைய அணுவின் இணைதிற எலக்ட்ரான்கள். M என்பது சுற்றியுள்ள ஒற்றை இணைதிறன் அணுக்கள், அதாவது H, F, Cl, Br, I. C நேர்மின்சுமை, A எதிர்மின்சுமை.

அறிகுறி 1: NH₃, H₂O இரண்டுக்கும் "நான்முகி" என்று எழுதியிருக்கிறது

இது மிகச் சின்னக் கோளாறு. எண்ணியது சரி, பெயர் வைத்ததில்தான் தப்பு. நான்கு இரட்டைகளும் நான்முகியாகத்தான் நிற்கின்றன. ஆனால் மூலக்கூறின் வடிவம் என்று கேட்டால் அணுக்கள் நிற்கும் இடத்தை மட்டும்தான் சொல்ல வேண்டும்.

உருண்டையில் நான்கு குச்சி குத்துங்கள். தனித்த இரட்டைக்கான குச்சியைக் கட்டைவிரலால் மறையுங்கள். மிச்சம் தெரிவதற்குப் பெயர் வையுங்கள். NH₃-இல் ஒன்றை மறைத்தால் முக்கோணப் பிரமிடு. H₂O-வில் இரண்டை மறைத்தால் வளைந்த வடிவம். அப்படியும் மதிப்பெண் போயிருந்தால் கேள்வியை மறுபடி படியுங்கள். சில கேள்விகளில் "எலக்ட்ரான் இரட்டைகளின் அமைவு" என்றே கேட்டிருப்பார்கள். அங்கே நான்முகி என்பதுதான் சரியான விடை.

அறிகுறி 2: தனித்த இரட்டையின் எண்ணிக்கையே தப்பாக வருகிறது

*முதலில் மின்சுமையின் குறியைப் பாருங்கள்.* நான் திருத்தும் தாள்களில் பாதி இங்கேயே முடிந்துவிடும். எதிர் அயனி என்றால் எலக்ட்ரான் கூடியிருக்கிறது, கூட்ட வேண்டும். நேர் அயனி என்றால் போய்விட்டது, கழிக்க வேண்டும். மைனஸ் குறியைப் பார்த்ததும் கை தானாகக் கழித்துவிடுகிறது. ICl₂⁺, ICl₂⁻ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இதன் விலை தெரியும்.

```
ICl₂⁺ : (7 + 2 − 1)/2 = 4 ;  4 − 2 = 2 தனித்த இரட்டை → வளைந்தது
ICl₂⁻ : (7 + 2 + 1)/2 = 5 ;  5 − 2 = 3 தனித்த இரட்டை → நேர்க்கோடு
```

அணுக்கள் அதே மூன்றுதான். குறி ஒன்று மாறியதும் வளைந்தது நேராகிவிட்டது. கேள்வி எழுதுபவர்களுக்கு இந்த ஜோடி மிகவும் பிடிக்கும். தப்பான குறிக்கு வரும் விடையும் நான்கு தெரிவுகளில் ஒன்றாகக் காத்திருக்கும்.

*குறி சரியாக இருந்தால் ஆக்சிஜனைப் பாருங்கள்.* ஆக்சிஜனை M-இல் சேர்க்கவே கூடாது. இரட்டைப் பிணைப்பில் இரண்டு ஜோடி இருந்தாலும் அது ஒரே திசையைத்தான் பிடித்துக்கொள்கிறது, அதனால் வடிவத்துக்கு ஒன்றாகவே கணக்கு. SO₂-வில் M பூஜ்யம். 6/2 = 3, அதில் இரண்டு ஆக்சிஜன் போக ஒரு தனித்த இரட்டை. ஆகவே வளைந்தது. CO₂-வில் 4/2 = 2, தனித்த இரட்டை இல்லை, நேர்க்கோடு. இரண்டையும் ஒரே மாதிரி நேர்க்கோடாக வரைகிற பிள்ளைகள் நிறைய. XeOF₄ மாதிரி இரண்டும் கலந்து வந்தால் F நான்கை மட்டும் M-இல் போடுங்கள்: (8 + 4)/2 = 6. ஆனால் கழிக்கும்போது ஆக்சிஜனையும் சேர்த்து ஐந்து அணு. மிச்சம் ஒன்று, வடிவம் சதுரப் பிரமிடு. மேல் வரியில் ஆக்சிஜனுக்கு இடமில்லை, கீழ் வரியில் உண்டு. இதை ஒரு முறை சொன்னால் போதாது, பத்துக் கணக்கு போட்டால்தான் கை பழகும்.

*அதுவும் சரியென்றால் V.* ஆவர்த்தன அட்டவணையில் தொகுதிகளுக்கு 1 முதல் 18 வரை எண் போட்டிருக்கும். நைட்ரஜன் 15-ஆவது தொகுதி என்று மனப்பாடமாக இருப்பவர் V = 15 என்று போட்டுவிடுவார். 13 முதல் 18 வரையுள்ள தொகுதிகளுக்குப் பத்தைக் கழிக்க வேண்டும். செனானுக்கு 8, அயோடினுக்கு 7.

விடை அரையில் முடிந்தால் பயப்பட வேண்டாம். NO₂-வில் 5/2 = 2.5 வரும். அங்கே ஒற்றை எலக்ட்ரான் ஒன்று தனியாக ஓர் இடம் பிடித்திருக்கிறது என்று பொருள். மூன்றாக எடுத்துக்கொண்டு வளைந்தது என்று எழுதுங்கள்.

அறிகுறி 3: எண்ணிக்கை சரி, ஆனாலும் வடிவம் தப்பு

இப்படி வந்தால் மொத்த இரட்டை எத்தனை என்று பாருங்கள். பெரும்பாலும் ஐந்தாகத்தான் இருக்கும். நல்ல மதிப்பெண் எடுக்கிற பிள்ளைகளும் விழுகிற இடம் இது, அதனால் கொஞ்சம் நின்றே பார்க்கலாம்.

போன வருடம் ஒரு மாணவி ClF₃-ஐத் தள முக்கோணமாக வரைந்திருந்தாள். கணக்கு அச்சாக இருந்தது: (7 + 3)/2 = 5, தனித்த இரட்டை 2. நோட்டில் முக்கோண இருபிரமிடு வரைந்து, மேலே ஒரு தனித்த இரட்டை, கீழே ஒரு தனித்த இரட்டை, நடுவில் மூன்று ஃபுளூரின் போட்டிருந்தாள். ஏன் இப்படி என்று கேட்டேன். "ரெண்டு லோன் பேரும் ஒண்ணையொண்ணு ரொம்பத் தள்ளும்னு நீங்கதானே சார் சொன்னீங்க, அதான் எட்ட எட்ட வெச்சேன்" என்றாள். அவள் யோசனையில் பிசகே இல்லை. ஆறு இரட்டை உள்ள XeF₄-இல் அதே யோசனைதான் சரியான விடையைக் கொடுக்கும். ஐந்தில் மட்டும் அது ஏன் தப்பாகிறது?

உருண்டையில் ஐந்து குச்சி குத்திப் பாருங்கள். நடுவில் மூன்று குச்சி, ஒன்றுக்கொன்று 120° தள்ளி. மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் குச்சிக்கும் நடுக் குச்சிகளுக்கும் இடையே 90° தான். மேல் குச்சிக்கு இப்படி 90°-இல் நெருக்கும் அண்டை வீட்டார் மூன்று பேர். நடுக் குச்சிக்கோ மேலும் கீழுமாக இரண்டே பேர். நான்கு குச்சியிலும் ஆறு குச்சியிலும் எல்லா இடமும் ஒரே மாதிரி. ஐந்தில் மட்டும்தான் நல்ல இடம், நெருக்கடியான இடம் என்று இருக்கிறது. குண்டாக இடம் அடைக்கிற தனித்த இரட்டை, நெருக்கம் குறைந்த நடு இடத்தைத்தான் பிடிக்கும்.

மாணவியிடம் அதை நம்பச் சொல்லவில்லை, எண்ணச் சொன்னேன். ClF₃-இல் தனித்த இரட்டைகளை மூன்று விதமாக வைக்கலாம். ஒவ்வொன்றிலும் 90°-இல் நிற்கும் ஜோடிகளை மட்டும் எண்ண வேண்டும். 120° தள்ளி நிற்பவை இந்தக் கணக்கில் வேண்டாம், அவற்றின் தள்ளல் மிகக் குறைவு.

```
வைக்கும் இடம்            தனி–தனி   தனி–பிணைப்பு   பிணைப்பு–பிணைப்பு
இரண்டும் மேல்-கீழ்            0            6               0
ஒன்று மேல், ஒன்று நடு         1            3               2
இரண்டும் நடு                  0            4               2
```

ஒவ்வொரு வரியிலும் கூட்டினால் ஆறு வர வேண்டும். வரவில்லை என்றால் எதையோ விட்டுவிட்டீர்கள், மறுபடி எண்ணுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஒவ்வொன்றுக்கும் மூன்று அண்டை, ஆக ஆறு. அது மாறாது.

இப்போது படிக்கும் முறை முக்கியம். இடது பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். தனி–தனி தள்ளல்தான் மிகக் கடுமையானது, அடுத்தது தனி–பிணைப்பு, கடைசியில் பிணைப்பு–பிணைப்பு. முதல் நெடுவரிசையில் 1 என்று வந்த இரண்டாவது வரி அப்போதே கழிந்துவிடுகிறது. இங்கேதான் அடுத்த சறுக்கல். அந்த வரியில் தனி–பிணைப்பு மூன்றுதானே இருக்கிறது, அதுதானே குறைவு என்று அதைத் தேர்ந்துவிடுகிறார்கள். கழிந்த வரியைத் திரும்ப எடுக்கக் கூடாது. மீதியிருக்கும் இரண்டில் ஆறுக்கு எதிராக நான்கு. ஆகவே இரண்டும் நடுவில். கட்டைவிரலால் அந்த இரண்டு குச்சியை மறைத்தால் மேல், கீழ், நடுவில் ஒன்று என மூன்று குச்சி தெரியும். அதைப் படுக்கப் போட்டால் T.

மாணவி அந்தக் களிமண் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப மேல-கீழ ரெண்டு எஃப்பும் வளையுமா சார்?" என்றாள். வளையும். நடுவிலுள்ள தனித்த இரட்டைகள் தள்ளுவதால் மேல், கீழ் ஃபுளூரின்கள் மூன்றாவது ஃபுளூரின் பக்கம் கொஞ்சம் சாய்கின்றன. அளந்த கோணம் ஏறத்தாழ 87.5°, முழு 90° இல்லை. பிணைப்பு நீளமும் ஒன்றாக இல்லை: மேல்-கீழ் பிணைப்புகள் சுமார் 1.70 Å, நடுப் பிணைப்பு சுமார் 1.60 Å. "ClF₃-இல் எல்லாப் பிணைப்பும் சம நீளமா?" என்று கூற்று-காரணம் வகையில் கேட்டால், நெருக்கடியான இடத்தில் இருப்பதுதான் நீளும் என்று இந்தக் குச்சியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஐந்து இரட்டையில் மற்றவையும் இதே வழிதான். SF₄-இல் தனித்த இரட்டை ஒன்று. மேலே வைத்தால் 90°-இல் மூன்று, நடுவில் வைத்தால் இரண்டு. நடுவில் வைத்து மறைத்தால் கிடைப்பது, பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கும் பலகை போன்ற சீசா வடிவம். XeF₂, I₃⁻ இரண்டிலும் தனித்த இரட்டை மூன்று. நடுவிலுள்ள மூன்று இடமும் அவற்றுக்கே போய்விட, மேலும் கீழும் மட்டும் அணுக்கள் மிஞ்சுகின்றன, நேர்க்கோடு. "தனித்த இரட்டை மூன்று இருக்கிறதே, எப்படி வளையாமல் இருக்கும்" என்று சந்தேகம் வந்தால், மூன்றும் சுற்றி நின்று சமமாகத் தள்ளுவதைக் குச்சியில் பாருங்கள்.

மொத்தம் ஆறாக இருந்து தப்பு வந்தால் காரணம் வேறு. முதல் தனித்த இரட்டையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், இரண்டாவதை அதற்கு நேர் எதிரே வைக்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் XeF₄ சீசாவாகிவிடும். எதிரே வைத்தால்தான் தள சதுரம்.

அறிகுறி 4: வடிவம் சரி, கோணங்களை வரிசைப்படுத்துவது தப்பு

கேள்விகளை ஒரே நேரத்தில் கேட்டுக்கொள்வதால் வரும் குழப்பம் இது. ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள், விடை கிடைத்ததும் நில்லுங்கள்.

மொத்த இரட்டை வேறா? வேறென்றால் அதோடு முடிந்தது. இரண்டு என்றால் 180°, மூன்று என்றால் 120°-ஐ ஒட்டி, நான்கு என்றால் 109.5°-ஐ ஒட்டி. மொத்தம் ஒன்றுதான் என்றால் தனித்த இரட்டை எத்தனை என்று பாருங்கள். CH₄ 109.5°, NH₃ சுமார் 107°, H₂O 104.5° என்று இறங்குவது இதனால்தான். அதுவும் ஒன்றுதான் என்றால் மைய அணுவைப் பாருங்கள். NH₃ 107°, PH₃ சுமார் 93.5°. அணு பெரிதாகி, எலக்ட்ரான் கவர்தன்மை குறையும்போது பிணைப்பு இரட்டைகள் மையத்தை விட்டு விலகி நிற்கின்றன, ஒன்றையொன்று தள்ளுவது குறைகிறது, கோணம் சுருங்குகிறது. மைய அணுவும் ஒன்றே என்றால்தான் சுற்றியுள்ள அணு. NF₃-இல் ஃபுளூரின் ஜோடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் NH₃-ஐ விடச் சின்னக் கோணம், சுமார் 102°.

பிள்ளைகள் பெரும்பாலும் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எலக்ட்ரான் கவர்தன்மை என்ற சொல் மனசில் முதலில் வந்துவிடுகிறது. NO₂⁺, NO₂, NO₂⁻ வரிசையில் அது எதற்கும் உதவாது. சுற்றிலும் ஆக்சிஜன்தான். NO₂⁺-இல் தனித்த இரட்டை இல்லை, 180°. NO₂-வில் ஒரே ஒரு எலக்ட்ரான்தான், அது லேசாகத் தள்ளுவதால் சுமார் 134°. NO₂⁻-இல் முழு ஜோடி, நன்றாகத் தள்ளுவதால் சுமார் 115°. முதல் இரண்டு கேள்வியிலேயே விடை வந்துவிடுகிறது.

அறிகுறி 5: எல்லாம் சரி, ஆனால் விடை ஒரு எண்ணாகக் கேட்டு அது தப்பு

கேள்வியில் "மைய அணுவில்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். "மூலக்கூறில் உள்ள தனித்த இரட்டைகள்" என்று மட்டும் இருந்தால் ஓரத்து அணுக்களையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஃபுளூரினிலும் மூன்று. ClF₃-இல் மையத்தில் 2, ஓரத்தில் 9, மொத்தம் 11. I₃⁻-இல் 3 + 3 + 3, மொத்தம் 9.

எப்போது ஆசிரியரிடம் கொண்டுபோக வேண்டும்

மேலே சொன்னதையெல்லாம் பார்த்த பிறகும் விடை பொருந்தவில்லை என்றால், தனியாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாத இடங்கள் சில உண்டு.

மைய அணு இடைநிலை உலோகமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். [NiCl₄]²⁻ நான்முகி, [Ni(CN)₄]²⁻ தள சதுரம். ஒரே உலோகம், ஒரே மின்சுமை, நான்கு ஈனிகள், ஆனால் வடிவம் வேறு. நம் கணக்கு இங்கே செல்லாது. பன்னிரண்டாம் வகுப்பின் அணைவுச் சேர்மங்கள் பாடத்தில் அதற்கு வேறு வழி இருக்கிறது.

மொத்த இரட்டை ஏழு வந்தாலும் கேளுங்கள். XeF₆-இல் (8 + 6)/2 = 7, தனித்த இரட்டை 1. உருக்குலைந்த எண்முகி என்று எழுதினால் தேர்வுக்குப் போதும். ஆனால் அந்த ஏழாவது குச்சி எங்கே நிற்கிறது என்பதைத் தீக்குச்சியை வைத்துக் காட்டிவிட முடியாது.

கோண வரிசையில் PF₃, PH₃ இரண்டும் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். அறிகுறி 4-இன் கடைசிக் கேள்விப்படி PF₃-இன் கோணம்தான் சிறிதாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் PF₃-க்கு சுமார் 98°, PH₃-க்கு சுமார் 93.5°. நைட்ரஜனில் சரியாக வந்த விதி பாஸ்பரஸில் தலைகீழாகிறது. பாஸ்பரஸில் காலியாக இருக்கும் ஆர்பிட்டாலுக்கு ஃபுளூரின் தன் எலக்ட்ரானைக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பதால் பிணைப்பு தடிக்கிறது என்று வகுப்பில் காரணம் சொல்வது வழக்கம். இதை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நல்லது.

கடைசியாக, விடைக்குறிப்பே தப்பாக இருப்பது. எங்கள் பிள்ளைகள் வாங்கிய ஒரு பயிற்சிப் புத்தகத்தில் ICl₂⁻ வளைந்தது என்று அச்சாகியிருந்தது. அந்த வருடம் நாலைந்து பேர் சரியாகப் போட்ட கணக்கை அடித்துவிட்டு, புத்தகத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதிவிட்டு வந்தார்கள். அச்சில் வந்தது என்பதற்காக உங்கள் கணக்கை அடிக்காதீர்கள். V, M, மின்சுமை, கழித்த அணுக்கள் என்று நான்கையும் தெரிகிற மாதிரி எழுதி, படத்தோடு எடுத்து வாருங்கள், இரண்டு நிமிடத்தில் யார் பக்கம் தப்பு என்று தெரிந்துவிடும். நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்புக்கு 1 கழிவு என்பதால் ஒரு கேள்வியில் 5 மதிப்பெண் வித்தியாசம் வரும். தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் கட்டணம் கட்டி ஆட்சேபம் தெரிவிக்க வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு, பணமும் சும்மா வருவதில்லை. அதனால் பணம் கட்டும் முன்னால் அந்த நாலு வரியை ஓர் ஆசிரியரிடம் காட்டுங்கள். மின்சுமையின் குறியை அவர் ஒரு தரம் பார்த்துவிடட்டும்.